பன்னிரண்டு நொடி லூப்பில் பதினெட்டு மணிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நகைக்கடை ஒன்றின் வாசலில் மாட்டும் எல்இடி திரைக்கு தீபாவளி சமயத்தில் ஒரு மோஷன் கிராஃபிக்ஸ் வேலை வந்தது. மேலே வரிசையாகத் தொங்கும் பதினெட்டு மணிகள், இரண்டு ஓரங்களிலும் தூக்கு விளக்குகள், நடுவில் மெல்லச் சுழலும் ஒரு வட்டக்கோலம், அதன் மேல் ஆஃபர் வரி. நீளம் 12 நொடி, வேகம் நொடிக்கு 25 ஃபிரேம், ஆக 300 ஃபிரேம். செய்தது ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்.

கேட்க எளிய வேலை. ஆனால் கடை பன்னிரண்டு மணிநேரம் திறந்திருந்தால் அந்த 12 நொடி ஒரு நாளைக்கு 3600 முறை ஓடும். வாசலில் நிற்கும் காவலாளி முதல் எதிர்க்கடைக்காரர் வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் இரண்டாவது நாளே கண்ணில் உறுத்த ஆரம்பித்துவிடும். ஆகவே ஒட்டுத் தெரியாமல் லூப் ஆக வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உண்மையான நிபந்தனை. அசைவுகளில் பெரும்பாலானவற்றைக் கீஃபிரேம் வைக்காமல் எக்ஸ்பிரஷனில் எழுதியதும் அதற்காகத்தான்.

எக்ஸ்பிரஷன் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வரி: ரொட்டேஷன், ஸ்கேல் போன்ற எந்தப் பண்பின் ஸ்டாப்வாட்சையும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் (மேக்கில் ஆப்ஷன் விசை) ஜாவாஸ்கிரிப்ட் எழுத ஒரு பெட்டி திறக்கும். அதில் வரும் கடைசி மதிப்புதான் அந்த ஃபிரேமில் அந்தப் பண்பின் மதிப்பு. `time` என்பது கம்போசிஷனின், சுருக்கமாகச் சொன்னால் காம்பின், தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகள். இந்த வேலைக்கு இதற்கு மேல் அதிகம் தேவைப்படவில்லை.

கோலம்

முதலில் இருப்பதிலேயே சுலபமானது. கோலத்துக்கு 16 இதழ், எல்லாம் ஒரே அச்சு. 12 நொடியில் முழுச் சுற்றாக 360 டிகிரி திருப்பினால் லூப் ஆகும், ஆனால் ஆஃபர் வரியைப் படிக்கவிடாத அளவுக்கு வேகமாக இருக்கும். முழுச் சுற்று தேவையே இல்லை. இதழ்கள் ஒரே மாதிரி இருப்பதால் 360-ஐ 16-ஆல் வகுத்து வரும் 22.5 டிகிரி திரும்பினாலே கோலம் பழைய தோற்றத்துக்கு வந்துவிடும். நாங்கள் அதன் இருமடங்கை, 45 டிகிரியை எடுத்துக்கொண்டோம்.

```
value + 45 * time / thisComp.duration
```

இதையே கீஃபிரேமில் செய்தால் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 0-வது நொடியில் 0 டிகிரி, டைம்லைனின் கடைசி ஃபிரேமில் 45 டிகிரி என்று வைப்பார்கள். கடைசி ஃபிரேமின் எண் 299. அதில் 45 என்றால் அது முதல் ஃபிரேமின் படமேதான். லூப் ஆகும்போது ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். சுழற்சி 40 மில்லிநொடி நின்று பிறகு நகரும். நிதானமான சுழற்சியில் அந்தத் தயக்கம் நன்றாகவே தெரியும். 45 டிகிரி வரவேண்டியது 300-வது ஃபிரேமில், அதாவது காம்ப் முடிந்து அடுத்து வரும், ரெண்டரில் இல்லாத ஃபிரேமில். கீஃபிரேம்களின் மேல் `loopOut("cycle")` போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மேலே உள்ள எக்ஸ்பிரஷனில் `time` 299-வது ஃபிரேமில் 11.96 நொடிதான், அதனால் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கோலத்தை வரைந்தவர் ஒரு பக்கத்தில் தங்கப் பளபளப்புக்காக கிரேடியன்ட் போட்டிருந்தார். இதழ்கள் ஒன்றுபோல இருந்தாலும் பளபளப்பும் சேர்ந்து சுழன்றதால் 45 டிகிரியில் படம் பொருந்தவில்லை. அந்த கிரேடியன்டைத் தனி லேயராகப் பிரித்து, சுழலாமல் மேலே வைத்ததும் சரியாகிவிட்டது. பார்க்கவும் அதுதான் இயல்பு, விளக்கு இடம் மாறாதபோது ஒளி மட்டும் ஏன் சுழல வேண்டும்? இன்னொன்று, `thisComp.duration` என்ற இடத்தில் 12 என்று நேராக எழுதினால் என்ன என்று கேட்கலாம். 25 ஃபிரேமில் ஒன்றும் ஆகாது. ஆனால் 29.97 ஃபிரேம் காம்பில் 360 ஃபிரேம் என்பது 12.012 நொடி. 12 என்று எழுதியிருந்தால் கடைசி ஃபிரேமில் சுழற்சி இலக்கை ஏறக்குறைய எட்டிவிட்டிருக்கும். கோலம் ஒட்டில் மறுபடி தயங்கும்.

மணிகள்

மணிகளுக்கு வருவோம். ஆடும் பொருளுக்கு சைன் அலை அப்படியே பொருந்தும், ஏனென்றால் சிறிய கோணத்தில் ஆடும் ஊசலின் அசைவே கிட்டத்தட்ட சைன் அலைதான். முதலில் ஒவ்வொரு மணியின் ஆங்கர் பாயிண்டையும் சங்கிலி தொங்கும் மேல்நுனிக்குக் கொண்டுபோனோம் (பான் பிஹைண்ட் கருவி, Y விசை). ஆங்கர் நடுவில் இருந்தால் மணி ஆடாது, காற்றாடிபோலத் திரும்பும்.

எத்தனை முறை ஆட வேண்டும்? லூப்புக்கு ஒரே விதி: 12 நொடிக்குள் ஆட்டங்களின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும். எந்த முழு எண் என்பதை இயற்பியலிடம் கேட்டோம். ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 நொடி எடுக்கும். 12 நொடிக்கு 6 ஆட்டம். சங்கிலி நீளமானால் மெதுவாகவும் குட்டையானால் வேகமாகவும் ஆடும். 5 ஆட்டம் என்றால் சுமார் 1.4 மீட்டர் சங்கிலி, 7 என்றால் சுமார் 70 சென்டிமீட்டர். படத்தில் மணிகள் மூன்று உயரத்தில் தொங்கின. நீளமானவற்றுக்கு 5, நடுத்தரத்துக்கு 6, குட்டைக்கு 7. பார்க்கிறவர் யாரும் கணக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் 6 கொடுத்தபோது மணிகள் அணிவகுப்பு போலத் தெரிந்தன, 5, 6, 7 என்று பிரித்ததும் எடை வந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கணக்குப்படி லூப் துல்லியம். ஒட்டு எங்கே என்று ஃபிரேம் ஃபிரேமாகத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஓட விட்டுப் பார்த்தால் லூப் தொடங்கும் இடம் பளிச்சென்று தெரிந்தது. காரணம், நேரம் சுழியத்தில் சைனும் சுழியம். வெவ்வேறு வேகத்தில் ஆடும் பதினெட்டு மணியும் 12 நொடிக்கு ஒருமுறை ஒரே கணத்தில் நேராகி, ஒரே பக்கம் கிளம்பின. கண்ணுக்கு அது ஒரு கைதட்டல் மாதிரி கேட்டது. ஆகவே ஒவ்வொரு மணியும் தன் ஆட்டத்தின் வேறு ஒரு கட்டத்தில் தொடங்க வேண்டும்.

இதற்கு லேயரின் வரிசை எண்ணான `index`-ஐப் பயன்படுத்துவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. டைம்லைனில் மேலே ஒரு புது லேயரைச் சேர்த்தாலே எல்லா மணியின் எண்ணும் ஒன்று கூடிவிடும், ஒப்புதல் வாங்கிய அசைவு சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். அதற்குப் பதில் லேயரின் பெயரிலிருந்து எண்ணை எடுத்தோம். `mani_1` என்ற லேயரை டூப்ளிகேட் செய்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸே `mani_2`, `mani_3` என்று பெயரிட்டுக்கொண்டு போகும்.

```
k = parseInt(thisLayer.name.split("_")[1], 10);
n = Math.round(effect("aattam")("Slider").value);
ph = k * 2.4;
value + 6 * Math.sin(2 * Math.PI * n * time / thisComp.duration + ph)
```

`aattam` என்பது ஒவ்வொரு மணியிலும் உள்ள ஸ்லைடர் கன்ட்ரோல். 5, 6, 7 அதில்தான் இருக்கின்றன. யாராவது 6.5 என்று இழுத்துவிட்டாலும் லூப் உடையாதபடி `Math.round` காவல் நிற்கிறது. ஆட்டத்தின் அளவு இருபுறமும் 6 டிகிரி. அந்த 2.4 எங்கிருந்து வந்தது? அது தங்கக் கோணம், அதாவது 137.5 டிகிரி, ரேடியனில். அடுத்தடுத்த எண்களுக்கு அதைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டங்கள் வட்டத்தைச் சுற்றிப் பரவலாக விழும், பக்கத்துப் பக்கத்து மணிகள் ஒத்துப்போகாது. ரேண்டம் எண்ணும் போடலாம்; ஆனால் அதில் இரண்டு மணி தற்செயலாக ஒன்றுபோல் ஆடிவிட்டால் விதை எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சுடர்

விளக்குச் சுடருக்கு சைன் போதாது. ஒழுங்காக ஆடும் சுடர் பொம்மைச் சுடர். அங்கே `wiggle` வேண்டும். ஆனால் `wiggle` தரும் தாறுமாறான அசைவுக்குத் தொடக்கம் முடிவு என்று எதுவும் கிடையாது, 12-வது நொடியில் இருக்கும் இடத்திலிருந்து தொடக்கத்துக்குத் தாவும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. எக்ஸ்பிரஷன்களைப் பற்றித் தன் தளத்தில் விரிவாக எழுதியுள்ள டேன் எபர்ட்ஸ் மூலம் பலருக்கும் அறிமுகமானது. ஒரே `wiggle`-ஐ இரண்டு முறை எடுப்பது: ஒன்று இப்போதைய நேரத்தில், இன்னொன்று லூப் நீளம் அளவு முந்தைய நேரத்தில். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் படிப்படியாக மாறினால், லூப் முடியும்போது இரண்டாவது சரியாக 0-வது நொடியின் மதிப்பில் இருக்கும்.

வழக்கமாக இந்த மாற்றத்தை லூப் முழுவதும் பரப்புவார்கள். சுடரில் அப்படிச் செய்தபோது ஒரு குறை தெரிந்தது. 6-வது நொடிப் பக்கம் சுடர் அடங்கிப்போனது, பிறகு மறுபடி துடிக்க ஆரம்பித்தது. இது கணக்கின் விளைவுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அசைவுகளைச் சரிபாதி கலந்தால் அவை ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும். கலவையின் வீச்சு சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கும். எனவே கலப்பதைக் கடைசி ஒன்றரை நொடிக்குள் அடக்கினோம்:

```
L = comp("main").duration;
a = wiggle(3, 9, 1, 0.5, time);
b = wiggle(3, 9, 1, 0.5, time - L);
r = ease(time, L - 1.5, L, a, b);
[value[0], r[1]]
```

இது ஸ்கேலில் எழுதியது. `wiggle` அகலம் உயரம் இரண்டையும் அசைக்கும், நமக்கு உயரம் மட்டும் போதும் என்பதால் கடைசி வரியில் அகலத்தைப் பழையபடி விட்டோம். `linear`-க்குப் பதில் `ease` போட்டதால் கலப்பது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வேகத்தில் முறிவு வராது. ஆங்கர் பாயிண்ட் திரியின் நுனியில். சுடர் இருப்பது `vilakku` என்ற உள் காம்புக்குள். அங்கே `thisComp` என்று எழுதினால் அது உள் காம்பின் நீளத்தைத்தான் எடுக்கும். அதனால்தான் முதல் வரியில் வெளிக் காம்பின் பெயர்.

"ஆஃபர் வரும்போது மணி வேகமா ஆடணும்"

முதல் வடிவம் பிடித்திருந்தது. அப்புறம் கடைக்காரர் ஒன்று கேட்டார்: "தம்பி, ஆஃபர் எழுத்து வர்ற நேரத்துல மணியெல்லாம் கொஞ்சம் வேகமா ஆடுனா நல்லா இருக்கும்ல?" நியாயமான ஆசை. எழுத்து 7-வது நொடியில் வருகிறது, 11-ல் போகிறது.

உடனே கை போகிற இடம் `aattam` ஸ்லைடர். 7-வது நொடியில் 6, 8-வது நொடியில் 12 என்று கீஃபிரேம் வைத்தால் வேகம் இருமடங்காகும் என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் அந்த ஒரு நொடி மட்டும் மணிகள் பேய் பிடித்தது போல ஆடும். எக்ஸ்பிரஷன் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரையும் ஒருமுறையாவது கவிழ்க்கும் குழி இது. ஏன் என்று எண்ணிக்கையிலேயே பார்க்கலாம்.

எக்ஸ்பிரஷன் கணக்கிடுவது வேகத்தை அல்ல, இதுவரை முடிந்த ஆட்டங்களின் எண்ணிக்கையை: `n * time / 12`. 7-வது நொடியில் அது 6 × 7 ÷ 12 = 3.5. 8-வது நொடியில் 12 × 8 ÷ 12 = 8. ஆக ஒரே நொடியில் நாலரை ஆட்டம். உண்மையில் வேகம் நொடிக்கு அரை ஆட்டத்திலிருந்து ஒன்றுக்கு ஏறினால் அந்த நொடியில் முக்கால் ஆட்டம்தான் நடக்க வேண்டும். ஸ்லைடரை மாற்றும்போது, இனி வரும் நேரத்துக்கு மட்டுமல்ல, கடந்துபோன 7 நொடிக்கும் சேர்த்து வேகம் மாறிவிடுகிறது. திரும்ப 11-க்கும் 12-க்கும் இடையில் 12-லிருந்து 6-க்கு இறக்கினால் இன்னும் விநோதம்: எண்ணிக்கை 11-லிருந்து 6-க்குக் குறையும், மணிகள் பின்னோக்கி ஐந்து ஆட்டம் ஓடும். இங்கே முழு எண்ணாக்கும் `Math.round`-உம் இருப்பதால் ஓடாமல் படிப்படியாகத் தாவும், அவ்வளவுதான் வித்தியாசம். நேரத்தோடு பெருக்கப்படும் எந்த எண்ணுக்கும் கீஃபிரேம் வைத்தால் இதே கதிதான். ஆட்டத்தின் அளவான 6 டிகிரிக்குத் தாராளமாக வைக்கலாம், அது நேரத்தோடு பெருக்கப்படவில்லை.

இதற்குப் பாடப்புத்தகத் தீர்வு, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்லைடரின் மதிப்பை `valueAtTime` மூலம் எடுத்து, தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வருவது. சரியான விடை வரும். ஆனால் 299-வது ஃபிரேமில் ஒவ்வொரு மணியும் 299 முறை கூட்ட வேண்டும், பதினெட்டு மணிக்கு அது ஐயாயிரத்துக்கும் மேல். தவிர கடைசியில் வரும் மொத்தம் முழு எண்ணாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லூப்புக்காக ஸ்லைடரை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் வேகத்தைத் தொடவே இல்லை. ஆட்டங்களைக் கூட்டினோம். `CTRL` என்ற, ரெண்டரில் தெரியாத Null லேயரில் `koodu` என்று ஒரு ஸ்லைடர். 7-வது நொடியில் 0, 11-வது நொடியில் 2, இரண்டுக்கும் ஈஸி ஈஸ். மணியின் கடைசி வரி இப்படி ஆனது:

```
x = thisComp.layer("CTRL").effect("koodu")("Slider").value;
value + 6 * Math.sin(2 * Math.PI * (n * time / thisComp.duration + x) + ph)
```

அந்த நான்கு நொடியில் ஒவ்வொரு மணியும் தன் வழக்கமான ஆட்டங்களோடு கூடுதலாக இரண்டு ஆடுகிறது. 6 ஆட்ட மணிக்குச் சராசரி வேகம் நொடிக்கு அரையிலிருந்து ஒன்றாகிறது. ஈஸி ஈஸ் இருப்பதால் வேகம் படிப்படியாக ஏறி, நடுவில் சுமார் 1.25-ஐத் தொட்டு, எழுத்து மறையும்போது பழைய நிலைக்கு இறங்குகிறது. கூட்டியது முழு எண். இரண்டு முழு ஆட்டம் கூடுதல் என்பது கட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதற்குச் சமம். எனவே 5, 6, 7 என்ற பிரிவும் கெடவில்லை, 12-வது நொடியில் ஒட்டும் தெரியவில்லை. 2-க்குப் பதில் 3 போட்டும் பார்த்தோம். நடு வேகம் மணிகளைக் கிலுகிலுப்பை ஆக்கிவிட்டதால் 2-லேயே நின்றுகொண்டோம்.

ஒட்டைச் சோதித்தது

எடிட்டரிலேயே லூப் ஓட்டிப் பார்த்து திருப்திப்படுவது போதாது, ப்ரிவியூ தடுமாறினால் அது எதன் குற்றம் என்று தெரியாது. ரெண்டர் செய்த கோப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் பெட்டியில் லூப் எண்ணிக்கையை 3 ஆக்கி, புதுக் காம்பில் போட்டு, ஒட்டுக்கு இரண்டு பக்கமும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். பார்க்க வேண்டியது 299-வதும் 0-வதும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது அல்ல. ஒன்றாக இருந்தால்தான் தப்பு. 298-லிருந்து 299-க்கு மணி எவ்வளவு நகர்ந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவே 299-லிருந்து 0-க்கும் நகர வேண்டும்.

திரையில் ஓட்டியபோது லூப் சேரும் இடத்தில் ஒரு கணம் கறுப்பு மின்னியது. கோப்பு சரியாக இருந்தது. திரையோடு வந்த பிளேயர் ஒவ்வொரு சுற்றிலும் கோப்பை மூடித் திறந்ததுதான் காரணம். இதை எந்த எக்ஸ்பிரஷனும் சரிசெய்யாது. லூப்பை நூறு முறை அடுத்தடுத்து ஒட்டி இருபது நிமிடக் கோப்பாகக் கொடுத்தோம். கறுப்பு 12 நொடிக்கு ஒருமுறை வந்தது 20 நிமிடத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது.

15 நொடி கேட்டபோது

பொங்கலுக்கு அதே படத்தை 15 நொடியில் கேட்டார்கள். காம்பின் நீளத்தை மாற்றி, லேயர்களின் முனைகளையும் இழுத்துவிட்டதும் கோலம் தானாகவே சரியானது. மணிகளும் லூப் ஆயின, ஆனால் 6 ஆட்டத்தை 15 நொடிக்கு இழுத்ததால் மந்தமாகிவிட்டன. 5, 6, 7 இருந்த இடத்தில் 6, 8, 9 போட்டதும் பழைய வேகத்துக்கு அருகில் வந்தன. `koodu`-வின் இரண்டு கீஃபிரேம்களையும் புது எழுத்து வரும் 9, 13-வது நொடிகளுக்குக் கையால்தான் நகர்த்த வேண்டியிருந்தது. சுடரின் எக்ஸ்பிரஷன் `main`-இன் நீளத்தைச் சரியாகவே எடுத்துக்கொண்டது, ஆனால் `vilakku` காம்பின் நீளம் 12 நொடியிலேயே நின்றிருந்ததால் கடைசி மூன்று நொடி விளக்கே காணோம். அதையும் அதன் உள்ளே இருக்கும் லேயர்களையும் 15-க்கு நீட்டி, வெளிக் காம்பில் அந்த லேயரின் முனையை இழுத்துவிட்டு ரெண்டருக்குப் போட்டோம்.